14-க்கு 11 அறைக்கு லேமினேட் எத்தனை பெட்டி?

"எங்கள் படுக்கையறை 14 அடிக்கு 11 அடி. பழைய டைல்ஸ் மேலேயே லேமினேட் போடப் போகிறோம். பலகை 1215 × 195 மி.மீ. பெட்டிக்கு 8 பலகை, 20.4 சதுர அடி என்று எழுதியிருக்கிறது. 154-ஐ 20.4-ஆல் வகுத்தால் ஏழரைதான் வருகிறது. கடைக்காரர் 9 பெட்டி வாங்கச் சொல்கிறார், போட வருபவர் 10 கேட்கிறார். 8 போதாதா? யார் சொல்வதைக் கேட்பது?"

9 வாங்குங்கள். 8 பெட்டி காகிதத்தில் சரியாக வரும், தரையில் வராமல் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. 10 எதற்கு என்று போடுபவரிடமே கேட்க வேண்டும், அதற்குப் பிறகு வருகிறேன். பதினேழு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். முதல் ஐந்தாறு வருடம் நானும் உங்களைப் போல் சதுர அடியை வகுத்துத்தான் பெட்டி சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஏன் தப்புகிறது என்பதை உங்கள் அறையையே வைத்துக் காட்டுகிறேன்.

உங்கள் வகுத்தலில் பிழை இல்லை. 154 சதுர அடி, பெட்டிக்கு 20.4, ஆக 7.55 பெட்டி. பெயின்ட் வாங்குவதாக இருந்தால் இந்தக் கணக்கு போதும், ஏனென்றால் பெயின்ட் எந்த மூலைக்கும் ஓடும். பலகை ஓடாது. அது வரிசை வரிசையாகத்தான் உட்காரும். கடைசி வரிசைக்கு இரண்டு விரல் அகலம்தான் தேவை என்றாலும் முழுப் பலகையை எடுத்துத்தான் கிழிக்க வேண்டும். அதனால் பரப்பளவை ஓரம் வைத்துவிட்டு இரண்டு கேள்விகளை மட்டும் கேட்போம். அறையில் மொத்தம் எத்தனை வரிசை? ஒரு வரிசைக்கு எத்தனை பலகை?

அடியிலிருந்து மில்லிமீட்டருக்கு வந்துவிடுவது நல்லது. 14 அடி என்பது 4267 மி.மீ., 11 அடி என்பது 3353. லேமினேட் சுவரைத் தொடக் கூடாது. ஈரக்காற்றில் அது விரியும், வெயில் காலத்தில் சுருங்கும். அதனால் சுற்றிலும் 10 மி.மீ. இடைவெளி விடுகிறோம். இரண்டு பக்கமும் சேர்த்து 20 போனால், பலகை நிரப்ப வேண்டிய இடம் 4247-க்கு 3333. பலகையின் 195 என்பது மேலே தெரியும் முகத்தின் அகலம். அதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பலகையின் ஒரு ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கையும் சேர்த்து டேப் வைத்தால் 200-க்கு மேல் காட்டும். நாக்கு அடுத்த பலகையின் காடிக்குள் போய்விடும், அது தரையை மூடாது. பெட்டியில் போட்டிருக்கும் 20.4 சதுர அடி முகத்தை மட்டும் வைத்துப் போட்டதுதான் என்பதை 1215 × 195 × 8 என்று பெருக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இப்போது வரிசைகள். பலகைகளை அறையின் நீளவாக்கில், அதாவது 14 அடிப் பக்கமாக ஓட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே 3333 மி.மீ. இருக்கிறது. 195-ஆல் வகுத்தால் 17.09. பதினேழு முழு வரிசை 3315 மி.மீ.-ஐ எடுத்துக்கொள்ளும், மிச்சம் 18 மி.மீ. நம் சுண்டுவிரல் அகலம். இந்த 18 மி.மீ. கீற்றை யாராலும் ஒழுங்காகப் போட முடியாது. கிழிக்கும்போதே உடையும், பூட்டும் நிற்காது, ஸ்கர்டிங் அடிக்கும்போது நகர்ந்துவிடும். ஓர வரிசை குறைந்தது 50 மி.மீ. அகலமாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. அதனால் என்ன செய்கிறோம் என்றால், ஒரு முழு வரிசையின் 195-ஐ இந்த 18-உடன் சேர்த்து இரண்டாகப் பிரித்துவிடுகிறோம். முதல் வரிசை 106, கடைசி வரிசை 107, நடுவில் பதினாறு முழு வரிசை. பார்க்கவும் நன்றாக இருக்கும், இரண்டு சுவரோரமும் ஒரே மாதிரித் தெரியும். ஆனால் எண்ணிப் பாருங்கள், மொத்தம் 18 வரிசை ஆகிவிட்டது.

அந்த முதல் வரிசையில் கிழித்தெடுத்த மிச்சத்தைக் கடைசி வரிசைக்குப் போடலாமே என்று தோன்றும். நல்ல கேள்விதான். வழக்கமாக முதல் வரிசையின் நாக்குப் பக்கத்தைச் சுவர்ப்பக்கம் வைத்து அதைத்தான் வெட்டி எடுப்போம். வெட்டிய துண்டில் நாக்கு இருக்கும், கடைசி வரிசைக்குத் தேவைப்படுவதும் நாக்குள்ள துண்டுதான். பூட்டு பொருந்தும், அகலம்தான் பொருந்தாது. 195-இல் 106 போய், கட்டர் பிளேடு தின்னும் 3 மி.மீ.யும் போனால் கையில் 86. தேவை 107. ஆக அந்தக் கீற்றுகள் முழுவதும் குப்பைக்கே. நீளவாட்டில் ஒரு வெட்டுகூடப் போடுவதற்கு முன்பே, 17.09 வரிசை 18 ஆனதில் 5 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது.

அடுத்து ஒரு வரிசைக்கு எத்தனை பலகை. வரிசையின் நீளம் 4247. மூன்று முழுப் பலகை 3645 மி.மீ. மூடும், இன்னும் 602 வேண்டும். நான்காவது பலகையை 602-இல் வெட்டுகிறோம். பிளேடு போக 610 மி.மீ. துண்டு மிஞ்சுகிறது. இந்தத் துண்டை எறியக் கூடாது. அதன் வெட்டிய முனையைச் சுவர்ப்பக்கம் வைத்து இரண்டாவது வரிசையை அதிலிருந்தே தொடங்க வேண்டும். மறுமுனையில் பூட்டு அப்படியே இருக்கிறது, அடுத்த பலகை அதில் அழகாக மாட்டும். இரண்டாவது வரிசை: 610, பிறகு இரண்டு முழுப் பலகை, ஆக 3040. மீதி 1207. ஒரு முழுப் பலகையின் முனையில் 8 மி.மீ. மட்டும் சீவினால் முடிந்தது. அந்த வரிசைக்குப் புதிதாக எடுத்தது மூன்று பலகைதான். மூன்றாவது வரிசை மறுபடி முதல் வரிசை மாதிரி. இரண்டு வரிசைக்கு ஏழு பலகை, பதினெட்டு வரிசைக்கு ஒன்பது ஜோடி, ஆக 63.

ஓரத்து வரிசைகளில் ஒரு சின்ன ஒழுங்கு இருக்கிறது. முதல் வரிசைப் பலகையை முதலில் நீளத்துக்கு அறுங்கள், அப்புறம் அகலத்துக்குக் கிழியுங்கள். மாற்றிச் செய்தால் இரண்டாவது வரிசையைத் தொடங்க வேண்டிய 610 மி.மீ. துண்டும் 106 அகலத்துக்குக் குறுகிப்போய்ப் பயன்படாமல் போகும். புதுப் பையன்கள் வேலைக்கு வந்த முதல் நாள் தவறாமல் செய்கிற தப்பு இது.

63 பலகை என்றால் 8 பெட்டியின் 64-க்குள் அடங்கிவிட்டது, ஒன்று மிச்சம்கூட இருக்கிறது. அப்படியானால் உங்கள் 8 சரிதானே? உங்கள் 14 அடி உண்மையிலேயே 14 அடியாக இருந்தால் சரி. சிக்கல் அங்கேதான்.

பழைய டைல்ஸ் மேலேயே போடப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறீர்கள். நம் ஊர் வீடுகளில் டைல்ஸ் தரை என்றால் சுவரின் அடியில் நான்கு அங்குல உயரத்துக்கு ஸ்கர்டிங் டைல்ஸும் ஒட்டியிருப்பார்கள். அது சுவரை விட்டு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் துருத்திக்கொண்டிருக்கும். தரையில் டேப் வைத்து அளந்தவர் அநேகமாக ஸ்கர்டிங் டைல்ஸுக்கும் ஸ்கர்டிங் டைல்ஸுக்கும் நடுவேதான் அளந்திருப்பார். லேமினேட் போடும்போது பெரும்பாலானோர் அந்தப் பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, பலகை நிறத்துக்கு ஏற்ற புது ஸ்கர்டிங் அடிக்கச் சொல்வார்கள். பெயர்த்த உடனே அறை ஒவ்வொரு பக்கமும் சுமார் 11 அல்லது 12 மி.மீ. விரிந்துவிடும். 4267 என்று இருந்தது 4290 ஆகும். வெறும் 23 மி.மீ. கட்டைவிரல் அகலம். அது என்ன செய்கிறது பாருங்கள்.

10 மி.மீ. இடைவெளி இரண்டு பக்கமும் போக வரிசை நீளம் 4270. மூன்று முழுப் பலகை, அப்புறம் 625 துண்டு. மிச்சம் 587. இரண்டாவது வரிசையை 587-இல் தொடங்கி மூன்று முழுப் பலகை போட்டால் 4232 வருகிறது. 38 மி.மீ. குறைகிறது. சுவரோரத்தில் 38 மி.மீ. துண்டு ஒன்றைச் செருக வேண்டும். அதைச் செருகக் கூடாது. வரிசையின் தொடக்கத் துண்டும் கடைசித் துண்டும் குறைந்தது 300 மி.மீ. இருக்க வேண்டும், அடுத்தடுத்த வரிசைகளின் குறுக்கு இணைப்புகளும் அந்த அளவு விலகியிருக்க வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த 300 கொஞ்சம் கூடலாம், குறையலாம். பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தாளிலும் 38-க்கு அனுமதி இருக்காது.

அதனால் இரண்டாவது வரிசையைத் திருத்த வேண்டும். 587 துண்டை 312-ஆகக் குறைத்துத் தொடங்கி, மூன்று முழுப் பலகை போட்டு, 313-இல் முடிக்கிறோம். குறைத்ததில் சுமார் 270 மி.மீ. வீண். 313 வெட்டிய பலகையில் 899 மிஞ்சுகிறது, அது மூன்றாவது வரிசைக்குத் தொடக்கம். 899, இரண்டு முழுப் பலகை, கடைசியில் 941. அதில் மிஞ்சுவது 271, எதற்கும் ஆகாது. நான்காவது வரிசை மறுபடி முழுப் பலகையில் தொடங்குகிறது. முதல் வரிசைக்கு 4, இரண்டாவதுக்கு 4, மூன்றாவதுக்கு 3. மூன்று வரிசைக்கு 11 பலகை. குறுக்கே அறை 23 மி.மீ. விரிந்தாலும் 18 வரிசை 18-ஆகவே நிற்கிறது, ஓர வரிசைகள் மட்டும் 118 ஆகின்றன. ஆக ஆறு முறை பதினொன்று, 66.

63-க்கும் 66-க்கும் நடுவில் உங்கள் 64 மாட்டிக்கொண்டிருக்கிறது. பரப்பளவுக் கணக்கில் இந்த 23 மி.மீ. விரிவு சதுர அடியில் இரண்டைக்கூட எட்டாது, ஒரு பலகைக்கும் குறைவு. வரிசைக் கணக்கில் மூன்று பலகை. துல்லியமாகச் சொன்னால், இந்தப் பலகைக்கு வரிசை நீளம் 4251-ஐத் தாண்டாதவரை ஜோடிக்கு ஏழு என்ற கணக்கு நிற்கும், தாண்டினால் உடையும். உங்கள் 4247 அந்தக் கோட்டுக்கு 4 மி.மீ. இந்தப் பக்கம் நிற்கிறது. பூச்சு வேலையில் 4 மி.மீ. யார் கணக்கில் வைக்கிறார்கள்? கெட்டிக்காரர் ஒருவர் வேறு விதமாக அடுக்கி 66-இல் ஒன்றைக் குறைக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் 4270 நீளத்தில் 18 வரிசை என்றால் மொத்த நீளம் மட்டுமே 63 பலகைக்கு மேல் கேட்கிறது. 64-இல் முடிக்க வேண்டும் என்றால் எந்த வெட்டும் வீணாகக் கூடாது, எந்தப் பலகையும் உடையக் கூடாது. அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை.

எனவே அளப்பதற்கு முன் ஸ்கர்டிங் டைல்ஸ் நிற்கப் போகிறதா, போகப் போகிறதா என்று முடிவு செய்யுங்கள். போகிறது என்றால் ஓர் இடத்திலாவது பெயர்த்துப் பார்த்துவிட்டு, சுவரிலிருந்து சுவருக்கு அளந்துகொள்ளுங்கள். ஒரு இடத்தில் அளந்தால் போதாது. நீளத்தை இரண்டு ஓரத்திலும் நடுவிலும், அகலத்தையும் அப்படியே மூன்று இடத்தில். மூன்றில் பெரிய எண்ணை வைத்துத்தான் பலகை எண்ண வேண்டும். மூலைக்கு மூலை குறுக்காகவும் டேப் பிடியுங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இல்லை என்றால் அறை கோணலாக இருக்கிறது, ஓர வரிசை ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகலாகவும் வரும். பலகை எண்ணிக்கை அதனால் பெரிதாக ஏறாது, ஆனால் குறுகலான முனை 50 மி.மீ.-க்குக் கீழே போய்விடக் கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் உறுதியான பகுதி. டேப்பும் பென்சிலும் இருந்தால் நீங்களே சரிபார்த்துவிடலாம். இனி வருவது அனுபவத்தில் சொல்வது, இதில் ஒன்றிரண்டு முன்பின் ஆகலாம். எட்டு ஒன்பது பெட்டி திறந்தால் மூலை நொறுங்கிய பலகை ஒன்றாவது கிடைக்கும், பெட்டி கீழே விழுந்த அடி அது. கதவு நிலைக்கு வெட்டும்போது ஒன்று தப்பாகப் போகும். இடம் வலம் மாற்றி வெட்டுவது எனக்கே இன்னும் நடக்கிறது. ஆக இரண்டு பலகை. அப்புறம், வேலை முடிந்தபின் வீட்டில் வைத்துக்கொள்ள இரண்டு மூன்று பலகை வேண்டும். ஏசி தண்ணீர் ஒழுகி ஓர் இடம் உப்பிப்போனால், அந்தப் பலகையை மாற்ற அதே பூட்டு உள்ள பலகை வேண்டும். வேறு நிறுவனத்தின் பலகை நிறம் ஒத்துப்போனாலும் பூட்டு மாட்டாது. 66-உடன் இரண்டும் மூன்றும் சேர்த்தால் 71. ஒன்பது பெட்டி 72. கடைக்காரர் இவ்வளவு கணக்குப் போட்டிருக்க மாட்டார், 154-உடன் பத்து சதவீதம் சேர்த்து 169.4, அதை 20.4-ஆல் வகுத்து 8.3, மேலே ஏற்றி 9 என்று சொல்லியிருப்பார். இந்த அறைக்கு அது சரியாகவே விழுந்திருக்கிறது.

குறைவாக வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு என் கதை ஒன்று. வேளச்சேரியில் ஓர் அடுக்கக வீடு. சதுர அடியை வகுத்து, ஐந்து சதவீதம் சேர்த்து, கச்சிதமாகப் பெட்டி இறக்கினேன். கடைசி வரிசையில் இரண்டு பலகை குறைந்தது. வாங்கிய கடைக்கே போனேன், அதே எண் கொண்ட பெட்டி இருந்தது, ஒரு முழுப் பெட்டி வாங்கி வந்தேன். டியூப்லைட்டில் பார்த்தபோது வித்தியாசமே தெரியவில்லை. மறுநாள் காலை ஜன்னல் திரையை விலக்கியதும் அந்த இரண்டு பலகை மட்டும் லேசாகச் சிவந்து நின்றது. எண் ஒன்றுதான், தயாரித்த தொகுதி வேறு. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த ஓரத்தை மூன்று வரிசை கழற்றி, சிவந்த இரண்டையும் கட்டில் வரும் இடத்துக்கு மாற்றிப் போட்டுக் கொடுத்தேன். ஒரு பெட்டி மிச்சம் பிடிக்கப் போய் ஒரு நாள் கூலி போனது.

அந்தப் பத்து சதவீதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நேராகப் போடும் தரைக்குப் பத்து, மூலைவாட்டாகப் போட்டால் பதினைந்து என்பது எல்லோரும் சொல்லும் வழக்கு. நடுத்தர அளவு அறைக்கு அது பரவாயில்லை. குறுகலான இடத்துக்குப் போதாது. மூன்று அடி அகல நடைவழியை எடுத்துக்கொள்ளுங்கள். 914-இல் 20 போய் 894. 195-ஆல் வகுத்தால் 4.58, ஆக ஐந்து வரிசை. கிழிசலில் மட்டும் ஒன்பது சதவீதம் போய்விட்டது, நீளவாட்டு வெட்டும் உடைசலும் இனிமேல்தான் வர வேண்டும். பெரிய ஹாலில் அதே ஒரு வரிசைக் கிழிசல் நூற்றுக்கு இரண்டாகக் கரைந்துவிடும். அதனால்தான் சதவீதத்தை நம்பாமல் வரிசையை எண்ணச் சொல்கிறேன். வீடு முழுக்கப் போடுபவர்கள் ஒவ்வொரு அறையாக எண்ணிக் கூட்டிவிட்டு, கடைசியில் ஒரே ஒருமுறை பெட்டியாக மாற்ற வேண்டும். அறைக்கு அறை மேலே ஏற்றினால் மூன்று அறைக்கு இரண்டு பெட்டி வரை வீணாக வாங்குவீர்கள்.

இனி அந்த 10 பெட்டி. 80 பலகை என்றால் 204 சதுர அடி, அறையைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். மூலைவாட்டாகப் போட்டால்கூட 154-க்குப் பதினைந்து சதவீதம் சேர்த்து 177, அதுவும் 9 பெட்டிக்குள்தான் வருகிறது. போடுபவர் மோசடி செய்கிறார் என்று உடனே நினைக்க வேண்டாம். அவர் நீங்கள் சொல்லாத ஏதாவது இடத்தைச் சேர்த்திருக்கலாம். கதவுக்கு வெளியே வாசல்படி வரை, அல்லது பால்கனிக் கதவோரம், அல்லது அலமாரி பதியும் உள்குழிவு. அப்படி எதுவும் இல்லை என்றால், "எந்த வரிசைக்கு எத்தனை பலகை என்று ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கூலி சதுர அடிக்கு என்றால், அது போட்ட தரைக்கா, பிரித்த பெட்டிக்கா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். சில இடங்களில் பெட்டிக் கணக்கில் கூலி வாங்கும் பழக்கம் இருக்கிறது, அங்கே பெட்டி எண்ணிக்கை தானாக ஏறும்.

அலமாரி பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஆசாரி செய்த அலமாரி ஏற்கெனவே தரையோடு நிற்கிறது என்றால் அதன் அடியில் பலகை போகாது. 7 அடிக்கு 2 அடி அலமாரி என்றால் 14 சதுர அடி, ஒரு பலகை 2.55 சதுர அடி, ஐந்தரைப் பலகை குறையும் என்று கணக்கு சொல்லும். நிஜத்தில் அலமாரி முனையைச் சுற்றி வெட்டுவதில் ஒன்றிரண்டு திரும்பப் போய்விடும், மூன்று நான்கு குறைந்தால் பெரிது. அப்போது 66 என்பது 62 அல்லது 63 ஆகும், 8 பெட்டியில் இறங்கலாமா என்ற ஆசை மறுபடி வரும். எனக்கு அது சரியாகப் படவில்லை, உடைசலுக்கு ஒன்றிரண்டுதான் மிஞ்சும், வீட்டில் வைக்க எதுவும் இருக்காது. அலமாரி இனிமேல்தான் வரப் போகிறது என்றால் அதை முதலில் செய்து முடித்துவிட்டு, அப்புறம் லேமினேட் போடுங்கள். இந்தத் தரை எதிலும் ஒட்டாமல் மிதக்கிறது, அதன் மேல் அலமாரியை ஏற்றித் திருகி இறுக்கினால் ஒரு பக்கம் விரிய முடியாமல் வேறு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

பலகையைத் திருப்பி, 11 அடிப் பக்கமாக ஓட்டினால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பார்த்தேன். ஸ்கர்டிங் டைல்ஸ் நிற்கும் அளவுக்கு, 22 வரிசை, கடைசி வரிசை 152 மி.மீ., அது அழகாகவே இருக்கிறது. நான்கு வரிசைக்கு 11 பலகை வீதம் மொத்தம் 61. இரண்டு பலகை லாபம். ஆனால் இணைப்புகள் ஒவ்வொரு வரிசைக்கும் 309 மி.மீ. நகர்ந்து மாடிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போகும். நான்கில் ஒரு வரிசை 285 மி.மீ. துண்டில் முடியும், தாளில் 300 என்று இருந்தால் அதையும் திருத்த வேண்டும். அந்த லாபம் அங்கேயே போய்விடும். ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தத் திசையில் பலகை ஓடினால் இணைப்புக் கோடுகள் கண்ணுக்குத் தெரியாது. திசையை அதை வைத்து முடிவு செய்யுங்கள், இரண்டு பலகைக்காக வேண்டாம்.

நான் சொன்ன எண்கள் எல்லாம் ஒரே நீளப் பலகைக்கு மட்டும் பொருந்தும். லேமினேட் அப்படித்தான் வருகிறது. மேலே அசல் மரத்தோலும் கீழே ஒட்டுப்பலகை அடுக்குகளும் உள்ள எஞ்சினீயர்டு வுட் வாங்கினால் பெட்டியில் சில பலகைகள் குட்டையாக இருப்பது உண்டு. அங்கே நீளவாட்டுக் கணக்கு இப்படி முன்கூட்டியே போட முடியாது, வரிசை எண்ணிக்கையைச் சரியாகப் போட்டுவிட்டு நீளத்துக்குச் சதவீதத்தை நம்ப வேண்டியதுதான். அசல் மரத்தில் முடிச்சும் நிறபேதமும் பார்த்துக் கழிப்பது வேறு இருக்கிறது, அதற்குப் பத்து சதவீதம் எனக்குக் குறைவாகவே படும்.

ஒன்பது பெட்டி எடுக்கும்போது ஒன்பதிலும் தொகுதி எண் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள், பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும். பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுப்பார்களா என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் அதே அறையில் இரண்டு நாள் படுக்கவைத்துவிடுங்கள், நிறுத்தி வைக்க வேண்டாம். போடும் நாளில் எட்டுப் பெட்டியை மட்டும் பிரிக்கச் சொல்லுங்கள். நடுவில், அதாவது ஒன்பதாவது வரிசை முடிந்ததும், எத்தனை பலகை போயிருக்கிறது என்று ஒருமுறை எண்ணுங்கள். 31 அல்லது 32 என்றால் ஸ்கர்டிங் டைல்ஸ் இருக்கும் கணக்கில் போகிறது. 33 என்றால் ஒன்பதாவது பெட்டி கட்டாயம் பிரியும். 36-ஐ நெருங்கியிருந்தால் மிச்சத்துண்டுகள் அடுத்த வரிசைக்குப் போகாமல் மூலையில் குவிந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம், அங்கே போய்ப் பாருங்கள்.